ஒரே கம்பெனி, ரெண்டு லாபக் கணக்கு: ஒரு இன்ஜினுக்கு யார் விலை வைப்பது?

வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் சந்திக்கிற ஒரகடம் ஜங்ஷனை நிறைய பேர் தாண்டிப் போயிருப்பீங்க. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு ஃபேக்டரி மதில் வரும். இந்தப் பகுதியின் கதையை வழக்கமா வருஷக் கணக்கில் சொல்வோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இன்னிக்கு நான் பேசப்போறது மதிலுக்கு உள்ளே நடக்கிற ஒரு விற்பனையைப் பற்றி. அதில் பணம் கைமாறாது. ஆனா யாருக்கு இன்சென்டிவ், எந்த லைன் மூடப்படும், சில சமயம் அரசாங்கத்துக்கு எவ்வளவு வரி என்பது வரைக்கும் அது தீர்மானிக்கும்.

ஒரு வாகன ஃபேக்டரியில் இன்ஜின் ஒரு ஷெட்டில் தயாராகும். வண்டி பக்கத்து ஷெட்டில் பூட்டப்படும். இன்ஜின் பகுதியை ஒரு டிவிஷனாகவும், வண்டிப் பகுதியை இன்னொரு டிவிஷனாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி லாபக் கணக்கு கேட்டால் உடனே ஒரு சிக்கல் வரும். இன்ஜின் டிவிஷன் எதை வருமானமாகக் காட்டும்? அது வெளியே யாருக்கும் விற்கவில்லையே. பக்கத்து ஷெட்டுக்குத்தானே கொடுத்தது? அதனால் கணக்குக்காக ஒரு விலை வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் டிரான்ஸ்ஃபர் பிரைஸ். கொடுப்பவருக்கு அது வருமானம், வாங்குபவருக்கு அது செலவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எந்த நிஜக் கம்பெனியும் இல்லை, எண்களும் நானே வைத்தவை. ஒரகடத்தில் ஒரு பைக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு லட்சம் பைக். டீலருக்கு ஒரு பைக் 1,00,000 ரூபாய்.

ஒரு இன்ஜின் செய்ய 30,000 ஆகிறது. அதில் 22,000 ரூபாய், அலுமினியம், உதிரிபாகம், கரண்ட் மாதிரி ஒவ்வொரு இன்ஜினுக்கும் கூடவே ஏறும் செலவு. மீதி 8,000, மெஷின், கட்டிடம், நிரந்தரச் சம்பளம் மாதிரி இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்கும் செலவு. வருஷத்துக்கு 80 கோடி. அதை ஒரு லட்சம் இன்ஜினுக்குப் பிரித்ததால் தலைக்கு 8,000. வண்டி டிவிஷனின் மற்ற செலவெல்லாம் சேர்த்து பைக்குக்கு 60,000. ஆக மொத்தம் 90,000 செலவு, 10,000 லாபம். ஒரு லட்சம் பைக்குக்கு 100 கோடி லாபம். இந்த 100 கோடியை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

இப்போ இன்ஜினுக்கு அடக்க விலையான 30,000-ஐயே டிரான்ஸ்ஃபர் பிரைஸா வைத்தால், இன்ஜின் டிவிஷனுக்கு லாபம் பூஜ்யம். 100 கோடியும் வண்டி டிவிஷன் கணக்கில் நிற்கும். அடக்கத்தோடு பத்து சதவீதம் சேர்த்து 33,000 என்று வைத்தால், இன்ஜின் டிவிஷனுக்கு 30 கோடி, வண்டி டிவிஷனுக்கு 70 கோடி. இதே மாதிரி இன்ஜின் வெளிச்சந்தையில் 36,000-க்குப் போகிறது என்று அந்த விலையை வைத்தால், 60 கோடியும் 40 கோடியும். 40,000 வைத்தால் வண்டி டிவிஷன் ஒரு பைசா சம்பாதிக்கவில்லை என்று கணக்கு சொல்லும்.

நாலு விலையிலும் ஒரு போல்ட்கூட கூடவோ குறையவோ இல்லை. யாரும் கூடுதலா உழைக்கவில்லை, யாரும் சோம்பி உட்காரவும் இல்லை. கூட்டினால் நாலு தடவையும் அதே 100 கோடி. கூட்டுக்குடும்பத்தில் அண்ணன் அரிசிக்கடை வைத்திருக்கார், தம்பி மெஸ் நடத்துறார், மெஸ்ஸுக்கு அரிசி அண்ணன் கடையிலிருந்து போகுது என்றால், மூட்டைக்கு என்ன விலை எழுதினாலும் வீட்டு வருமானம் அதேதான். ஆனா அப்பா வருஷக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்து "இவன்தான் பிழைக்கத் தெரிந்தவன்" என்று சொல்வது யாரை என்பது அந்த விலையில்தான் இருக்கு.

டெட்ராய்ட்டில் தொடங்கின சண்டை

இதைப் பெரிய அளவில் எதிர்கொண்டவர்களில் முக்கியமானவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன். அவர் ஹையாட் என்ற ரோலர் பேரிங் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். 1916-ல் ஜெனரல் மோட்டார்ஸை உருவாக்கிய வில்லியம் டூராண்ட் அதை வாங்கி, வேறு சில உதிரிபாகக் கம்பெனிகளோடு சேர்த்து யுனைட்டெட் மோட்டார்ஸ் என்று ஆக்கினார். ஸ்லோன் அதற்குத் தலைவர். 1918-ல் அந்தக் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸுக்குள் வந்துவிட்டது.

அங்கே ஸ்லோன் பார்த்த வழக்கம் இது: ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் பொருள் அடக்க விலைக்கோ, அடக்கத்தோடு முன்கூட்டியே முடிவு செய்த ஒரு சதவீதத்துக்கோ போகும். அவருடைய பழைய கம்பெனிகளோ வெளி வாடிக்கையாளருக்கும் சரி, குழுமத்துக்குள்ளேயும் சரி, சந்தை விலைக்கே விற்றுப் பழகியவை. அடக்க விலை அடிப்படையில் போனால் எந்த டிவிஷன் உண்மையில் சம்பாதிக்கிறது, எது மற்றவர்கள் முதுகில் ஏறிப் போகிறது என்று மேலிடத்துக்குத் தெரியவே தெரியாது என்பது அவர் வாதம். 1923-ல் அவரே ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானார். டிவிஷன்களைத் தனித்தனியா நடக்கவிட்டு, போட்ட முதலுக்கு என்ன வருமானம் வருது என்று ஒவ்வொன்றையும் அளக்கும் முறை அவர் காலத்தில்தான் அங்கே நிலைத்தது. அப்படி அளக்க வேண்டுமென்றால் உள்விலை ஒழுங்கா இருந்தே ஆகணும்.

அடக்கத்தோடு சதவீதம் சேர்க்கும் முறையில் என்ன கோளாறு? நம்ம பைக் கம்பெனிக்கே வாங்க. விலை, அடக்கம் கூட்டல் பத்து சதவீதம். இன்ஜின் டிவிஷனில் வேஸ்டேஜ் கூடி, அடக்கம் 30,000-லிருந்து 31,000 ஆகிவிட்டது. விலை தானாகவே 34,100 ஆகும். இன்ஜினுக்கு 3,000 ஆக இருந்த லாபம் 3,100 ஆகிவிடும். செலவை ஏற்றியவருக்கு நூறு ரூபாய் பரிசு! எதுவும் தப்பு செய்யாத வண்டி டிவிஷனுக்கு 1,100 ரூபாய் அடி. இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: கொடுக்கும் டிவிஷனின் செலவு ஏறுது, லாபமும் கூடவே ஏறுது என்றால் விலைமுறையைச் சந்தேகப்படணும். இதனால்தான் பல இடங்களில், உண்மையில் ஆன செலவை எடுக்காமல், வருஷ ஆரம்பத்திலேயே நிர்ணயித்த செலவை வைத்து விலை போடுகிறார்கள். கூடுதலாகச் செலவழித்தால் அது அவரவர் தலையில்.

வெளியே குறைந்த விலைக்குக் கிடைச்சா?

இதுவரைக்கும் மொத்தம் 100 கோடி அசையவில்லை. அது அசையும் இடம் இதுதான்.

வெளியே ஒரு பெரிய சப்ளையர். அவருடைய லைன் பாதி காலி. அதை ஓட்டினால் போதும் என்று "இன்ஜின் 28,000-க்குத் தரேன்" என்கிறார். நம்ம உள்விலை 33,000. வண்டி டிவிஷன் மேனேஜர் என்ன செய்வார்? இன்ஜினுக்கு 5,000 மிச்சம், வருஷத்துக்கு 50 கோடி. யோசிக்காமல் வெளியே வாங்குவார். அவருடைய லாபம் 70 கோடியிலிருந்து 120 கோடி ஆகும். கைதட்டல், போனஸ் எல்லாம் கிடைக்கும்.

இன்ஜின் டிவிஷனில் என்ன ஆச்சு? வருமானம் பூஜ்யம். கூடவே ஏறும் 22,000 செலவு நின்றுவிட்டது, ஆனா வருஷச் செலவு 80 கோடி அப்படியே நிற்கிறது. ஆக 80 கோடி நஷ்டம். ரெண்டையும் கூட்டுங்க: 120-லிருந்து 80 போனால் 40. 100 கோடி சம்பாதித்த கம்பெனி 40 கோடிக்கு இறங்கிவிட்டது. காரணம் ரொம்பச் சாதாரணம். கம்பெனியின் பையிலிருந்து இன்ஜினுக்கு முன்னாடி கூடுதலாகப் போனது 22,000, இப்போ போவது 28,000. ஒரு இன்ஜினுக்கு 6,000 நஷ்டம், ஒரு லட்சம் இன்ஜினுக்கு 60 கோடி. மேனேஜர் கண்ணுக்கு 33,000 தெரிந்ததே தவிர, 22,000 தெரியவில்லை.

இதில் மோசம் என்னவென்றால், அடுத்த போர்டு மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் இருக்கும் காகிதம் "இன்ஜின் டிவிஷன் 80 கோடி நஷ்டம்" என்றுதான் சொல்லும். அதைப் பார்த்து அந்த ஷெட்டை மூடச் சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. முதலில் போவது கான்ட்ராக்ட் ஆட்கள். நஷ்டத்தை உண்டாக்கிய முடிவு எடுத்தவர் வேறு ஷெட்டில், லாபக் கணக்கோடு இருப்பார்.

அதுக்காக வெளியே வாங்குவது எப்பவுமே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த 80 கோடி உண்மையிலேயே நிற்கக்கூடியதா என்று பார்க்கணும். மெஷினை விற்று, கட்டிடத்தை வாடகைக்கு விட்டு, அந்தச் செலவு முழுசா ஒழியும் என்றால் இன்ஜினின் முழு அடக்கம் 30,000, வெளியே 28,000. அப்போ வெளியே வாங்குவது இன்ஜினுக்கு 2,000 லாபம்தான். அதே மாதிரி, நம்ம இன்ஜின் லைன் முழுசா நிரம்பி, வெளி வாடிக்கையாளர் ஒருத்தர் 36,000 கொடுத்து வாங்கக் காத்திருந்தால், சொந்த வண்டிக்கு ஒரு இன்ஜின் கொடுப்பது அந்த 36,000-ஐ இழப்பதற்குச் சமம். அப்போ உள்விலையும் 36,000 ஆக இருப்பதுதான் நியாயம். 1956-ல் ஜாக் ஹிர்ஷ்லைஃபர் என்ற பொருளியலாளர் இதைக் கணிதமாக எழுதிக்காட்டினார். வெளியே நல்ல சந்தை இருந்தால் அந்த விலை, இல்லையென்றால் கூடுதலா ஒரு பொருள் செய்ய ஆகும் செலவு. ஆனா 22,000-ஐயே உள்விலையா வைத்தால், முடிவு சரியா வரும், இன்ஜின் டிவிஷன் வருஷா வருஷம் 80 கோடி நஷ்டம் காட்டும். முடிவெடுக்க ஏற்ற விலை ஒன்று, ஆளை அளக்க ஏற்ற விலை இன்னொன்று. ஒரே எண் ரெண்டு வேலையும் பார்ப்பது அபூர்வம்.

விலையை அரசாங்கமே சொன்ன காலம்

ஸ்ரீபெரும்புதூர் பெல்ட் வளர்ந்த வருஷங்களில் இந்த விலைக்கு டெல்லியிலிருந்து ஒரு விதி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜிஎஸ்டிக்கு முன்னாடி கலால் வரி. ஒரு ஃபேக்டரியில் செய்த பாகத்தை விற்காமல், அதே கம்பெனியின் இன்னொரு ஃபேக்டரிக்கு அனுப்பினாலும் வரி கட்டணும். விற்கவே இல்லாத பொருளுக்கு எந்த மதிப்பின் மேல் வரி? 2000-ல் வந்த கலால் மதிப்பீட்டு விதிகளில் எட்டாவது விதி பதில் சொன்னது: உற்பத்திச் செலவில் 115 சதவீதம். 2003 ஆகஸ்டில் அதை 110 சதவீதமாகக் குறைத்தார்கள். உற்பத்திச் செலவு என்றால் எது எது சேரும் என்று கணக்கிட, காஸ்ட் அக்கவுன்டன்ட் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட சிஏஎஸ்–4 என்ற தரநிலையைப் பின்பற்றச் சொன்னது அரசு.

அதாவது, ஸ்லோன் குறை சொன்ன அதே அடக்கம்–கூட்டல்–சதவீதம் முறைதான். வரி அதிகாரிக்கு அது வசதி, ஏன்னா சரிபார்க்க முடியும். ஆனா ஒரு டிவிஷன் திறமையா நடக்கிறதா என்பதை அது அளக்காது, அளக்க வேண்டிய வேலையும் அதற்கில்லை. வரிக்கு ஒரு விலை, உள்ளே மேனேஜர்களை அளக்க இன்னொரு விலை என்று ரெண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் இந்த விதி போய்விட்டது. இப்போ ஒரே கம்பெனியின் வேறு மாநிலக் கிளைக்குப் பொருள் போனால் அடிப்படை, சந்தை விலை. வாங்கும் கிளை கட்டிய வரி முழுவதையும் திரும்பக் கழித்துக்கொள்ள முடியுமென்றால், பில்லில் போட்ட விலையையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு யூனிட் கரண்ட், ஒரு ரூபாய் நாற்பது பைசா

இது வெறும் உள்வீட்டு விவகாரமா இல்லாமல், உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கு. ஜிண்டால் ஸ்டீல் அண்ட் பவர். நம்ம ஊர் இல்லை, இன்றைய சத்தீஸ்கர் பக்கம். ஆனா ஒரே கம்பெனி, ரெண்டு பிரிவு, ஒரு விலை என்ற கதைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனிக்கு ஸ்டீல் ஆலையும் உண்டு, சொந்த மின் நிலையமும் உண்டு. கரண்டில் பெரும்பகுதி ஸ்டீல் ஆலைக்கே போகும். மிஞ்சினதை மாநில மின் வாரியத்துக்கு யூனிட் 2.32 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆனா தன் சொந்த ஸ்டீல் ஆலைக்கு எழுதிய விலை 3.72 ரூபாய். அதே வாரியம் ஆலைகளுக்குக் கரண்ட் விற்கும் விலை அது. ஏன் கூடுதலாக எழுதணும்? வருமான வரிச் சட்டத்தின் 80–ஐஏ பிரிவுப்படி மின் உற்பத்தியில் வரும் லாபத்துக்கு வரிச் சலுகை. ஸ்டீலில் வரும் லாபத்துக்குக் கிடையாது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.40 ரூபாய் வரி கட்டும் பக்கத்திலிருந்து சலுகைப் பக்கத்துக்குப் போகிறது. பத்து கோடி யூனிட் என்று வைத்தால் 14 கோடி லாபம் இடம் மாறும். வரிக்கு முந்தைய மொத்தம் மாறாது, வரி மாறும். பாக்கெட் மாற்றினதில் நிஜப் பணம் மிஞ்சுது.

வரி அதிகாரி விடவில்லை. "உன் கரண்டுக்கு வெளியே கிடைப்பதே 2.32தான், அதுதான் சந்தை விலை" என்றார். கேட்க நியாயமாத்தான் இருக்கு. இல்லையா? 2001–02 மதிப்பீட்டு ஆண்டுக்கான இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பர் 6 அன்று பதில் சொன்னது. கம்பெனி பக்கம். காரணம்: அந்தக் காலச் சட்டப்படி மிஞ்சிய கரண்டை வேறு நுகர்வோருக்கு இஷ்டப்படி விற்க முடியாது, வாரியம்தான் வாங்கணும். பேரம் பேச இடமில்லாத விலை சந்தை விலை ஆகாது. அந்த ஆலை வெளியே போய்க் கரண்ட் வாங்கியிருந்தால் என்ன கொடுத்திருக்கும்? 3.72. அதுதான் சரியான ஒப்பீடு என்றது தீர்ப்பு. சந்தை விலை என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், அந்த விலைக்கு வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் ரெண்டு பக்கமும் இருந்ததா என்று பாருங்க என்பதை நான் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இதே பூட்டு நம்ம பெல்ட்டுக்கும் உண்டு. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் யூனிட்டின் ஏற்றுமதி லாபத்துக்கு 10–ஏஏ பிரிவில் சலுகை இருந்தது: முதல் ஐந்து வருஷம் முழுசா, அடுத்த ஐந்து வருஷம் பாதி. 2006-ல் நோக்கியா உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் வளாகம் அப்படி ஒரு மண்டலம்தான். ஒரு கம்பெனிக்கு மண்டலத்துக்கு உள்ளே ஒரு யூனிட், வெளியே ஒரு யூனிட் இருந்தால், உள்ளே போகும் பாகத்துக்கு விலையைக் குறைத்து எழுதினால் லாபம் சலுகைப் பக்கம் சாயும். அதைத் தடுக்கத்தான், ஒரே கம்பெனியின் ரெண்டு தொழிலுக்கு இடையில் பொருள் போனால் சந்தை மதிப்பில்தான் கணக்கிடணும் என்ற 80–ஐஏ பிரிவின் நிபந்தனையை இதற்கும் பொருத்தியிருக்கிறார்கள்.

உங்க கம்பெனியில் "அந்த டிவிஷன் நஷ்டத்தில் ஓடுது" என்று பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்க. அந்த டிவிஷன் கொடுக்கும் அல்லது வாங்கும் பொருளுக்கு விலையை யார் வைத்தது? அதை மூடினால் எந்தச் செலவு உண்மையில் நிற்கும்? ரெண்டு டிவிஷன் கணக்கையும் கூட்டினால் மொத்தம் எங்கே போகுது? முதல் கேள்விக்கே பதில் தெரியாமல் யாராவது மூடச் சொன்னால், அவர் கையில் இருப்பது பாதிக் கணக்கு.